போக்கெழுதிய கணக்கிலிருந்து பின்னோக்கி: கடன் வரம்பு, நிலுவை, வராக்கடன் தணிக்கை

விநியோக நிறுவனத்தின் கடன் விற்பனையைத் தணிக்கை செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடன் வரம்புப் பட்டியலை முதலில் கையில் எடுக்கிறார்கள். இனி வசூலாகாது என்று கைவிட்டு வராக்கடனாகப் போக்கெழுதப்பட்ட ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பின்னோக்கிச் செல்வதே எளிது என்பது என் கருத்து. நிறுவனத்தின் கணக்கில் பணம் சேராமல் போனது அங்கே உறுதியாகிவிட்டதால், எந்தக் கட்டுப்பாடு எப்போது தளர்ந்தது என்று தேடுவது மட்டுமே மிச்சம்.

படி 1: கணக்கைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டின் போக்கெழுதல் பட்டியலைத் தொகை வரிசையில் பார்க்காமல் வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். மேலாளர் 1.5 லட்சம் வரை தாமே ஒப்புதல் தரலாம் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாடிக்கையாளரின் பெயரில் 1.3 லட்சம் வீதம் அடுத்தடுத்த இரு மாதங்களில் போக்கெழுதியிருந்தால், 2.6 லட்சத்தை இயக்குநரின் பார்வைக்குக் கொண்டுபோகாமல் இரண்டாகப் பிரித்திருக்கக் கூடும். இந்தக் கற்பனைக் கணக்கையே இறுதிவரை தொடர்வோம்.

படி 2: வரம்பு மாறிய வரலாறு

வாடிக்கையாளர் விவரப் பதிவில் வரம்பு 5 லட்சம், கடன் காலம் 30 நாள் என்று இருக்கிறது. இது இன்றைய நிலை மட்டுமே. ஆகவே மென்பொருளின் மாற்றப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் ஜனவரி 10 அன்று காலை வரம்பு 8 லட்சமாக உயர்த்தப்பட்டு, அன்று மாலையே மீண்டும் 5 லட்சமாகக் குறைக்கப்பட்டிருப்பது தெரிகிறது. இடையில் 2.6 லட்சத்துக்கு ஒரு பில் போடப்பட்டிருக்கிறது. அதற்கு முன் பாக்கி 4.9 லட்சம், பில்லுக்குப் பின் 7.5 லட்சம். மாற்றியவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவரா, எழுத்துமூல ஒப்புதல் உண்டா என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கியைக் கணக்கிடும்போது, அனுப்பியும் பில் போடாத சரக்கையும், இன்னும் வங்கியில் பணமாகாத காசோலைகளையும் சேர்த்தே வரம்போடு ஒப்பிட வேண்டும்.

படி 3: நிலுவையின் உண்மையான வயது

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். எந்தக் கடன் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் நிலுவை வயது அறிக்கை பில் தேதியை நம்பியிருப்பதால், தேதியைப் புதுப்பித்தாலே பழைய கடன் இளமையாகிவிடும். நம் கணக்கில் பிப்ரவரி 9 அன்று பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மார்ச் 30 அன்று கிரெடிட் நோட் போட்டு அந்தப் பில் ரத்து செய்யப்பட்டது. ஏப்ரல் 2 அன்று அதே சரக்குக்கு, அதே தொகைக்குப் புதிய பில் போடப்பட்டது. மார்ச் 31 அறிக்கையில் இந்தக் கடனே இல்லை. ஏப்ரல் 30 அறிக்கையில் அது "தவணை வராதது" என்று நிற்கிறது. உண்மையில் தவணை கடந்து 80 நாளாகிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. மாத இறுதியை ஒட்டிய கிரெடிட் நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரக்கு திரும்பி வந்ததாகக் கிடங்கின் வரவுப் பதிவேட்டில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வராமல் கிரெடிட் நோட் இருந்து, சில நாளில் அதே தொகைக்குப் பில் எழுந்திருந்தால், அசல் தேதியைக் கொண்டு வயதை நீங்களே மறுபடி கணக்கிட வேண்டும். விலைத் திருத்தத்துக்காகவும் இப்படி நடப்பதுண்டு; அப்போது இரு பில்களின் விலை வேறுபடும். திரும்பிய காசோலையைப் புதிய தேதியில் பற்று வைப்பதும் இதே விளைவைத் தரும்.

படி 4: வசூல் முயற்சி

"அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்" என்ற குறிப்புகளை மட்டும் சான்றாக ஏற்க வேண்டாம். வாக்களித்த தேதிகளுக்குப் பின்னரும் சரக்கு போயிருக்கிறதா, ஆர்டரை நிறுத்தி வைத்த தடையை யார் விலக்கினார் என்பதையே பாருங்கள்.

படி 5: போக்கெழுதலைச் சோதித்தல்

பணம் உண்மையிலேயே வரவில்லையா, அல்லது வசூலித்தவர் நிறுவனத்தில் கட்டவில்லையா? இதற்காக வாடிக்கையாளருக்குக் கணக்கு விவரத்தைத் தணிக்கையாளரே நேரடியாக அனுப்பி, பதிலும் தம்மிடமே வரச் செய்ய வேண்டும். விற்பனையாளர் கையில் கொடுத்தனுப்பினால் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. "அதை மே மாதமே ரொக்கமாகத் தந்துவிட்டேன்" என்று பதில் வந்தால், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கியில் செலுத்திய சீட்டையும் ஒப்பிடுங்கள். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சரக்கைப் பெற்றதற்கான கையொப்பமிட்ட விநியோகச் சீட்டையும், பின்னர் வந்த வரவுகளையும் கொண்டுதான் முடிவுக்கு வர இயலும். கடை மூடிவிட்டதாகச் சொல்லப்பட்டால் நேரில் போய்ப் பாருங்கள்.

போக்கெழுதிய கணக்குகளுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பேரேட்டில் பாக்கி இல்லாத வாடிக்கையாளர் பின்னர் பணம் தந்தால், அதை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் நிறுவனத்தில் எவரும் இருப்பதில்லை.