உமிக் குவியலும் கட்டுப்பணமும்

பதுளைப் பக்கம் சின்ன நெல் ஆலை வைத்திருக்கிறேன். மின் ஒழுக்கில் மூட்டைகள் எரிந்து 4 இலட்சம் ரூபாய் நட்டம். காப்புறுதியில் கைக்கு வந்தது 2 இலட்சம்தான்.

வேலை குறைந்த மாதத்தில் கணக்குப் பார்த்து, சரக்கை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தேன். தீப்பிடித்த அன்றோ மகியங்கனை அறுவடை நெல் வந்திறங்கி, உள்ளே 20 இலட்சத்துக்குச் சரக்கு. பாதிக்குத்தான் காப்பு, அதனால் நட்டத்திலும் பாதிதான். சராசரி நிபந்தனையாம். பத்திரத்தில் பொடி எழுத்தில் இருந்தது, யார் வாசித்தார்கள்?

புதுப்பிக்கும்போது கட்டடம், இயந்திரம், சரக்கு மூன்றுக்கும் தனித்தனித் தொகை போட்டேன். சரக்குக்கு அறுவடைக்கால உச்ச மதிப்பு. கட்டுப்பணம் ஏறத்தான் செய்தது.

அப்புறம் காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஆலையைப் பார்க்க வந்தவர் நேரே அவியல் அடுப்பருகே போனார். பக்கத்துச் சுவரில் சாய்ந்து ஆளுயர உமிக் குவியல். சுவிட்ச் பெட்டிக்குள் விரலை விட்டு வழித்தார். தவிட்டுத் தூசு ஒட்டி வந்தது. "தம்பி, இதுக்குத்தான் வீதம் கூடுது" என்றார். உமியை முற்றத்துக்கு அப்பால் தனிக் கொட்டகைக்கு மாற்றி, பழைய வயரிங்கைப் புதுப்பித்து, தீயணைப்புக் கருவி இரண்டு மாட்டினேன். மறுபடி பார்த்துவிட்டு, தீ அபாயத்துக்கென்று கூட்டியிருந்த வீதத்தைக் குறைத்தார்கள்.