ஒரே வேகத்தில் ஓடும்போது திணறி நிற்கும் மோட்டார் சைக்கிள்: பெட்ரோல் வரும் வழியைச் சோதிக்கும் முறை

மோல்மீனிலிருந்து தட்டோன் போகும் நெடுஞ்சாலையில் என் 125 சிசி வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க இந்தச் சேட்டையைச் செய்தது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துச் சற்றுத் தூரம் போனதும் இருமும், திணறும், அணைந்துவிடும். ஓரமாக நிறுத்திக் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறையில் பிளக்கையும் காயிலையும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். சேட்டை மட்டும் போகவில்லை.

இங்கே எழுதுவது, டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவரும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டும்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. என்ஜின் குடிப்பது அதிலிருந்துதான். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 25 மில்லி குடிக்கும். மேலிருந்து 20 மில்லிதான் இறங்குகிறது என்றால் கிண்ணம் மெல்ல வற்றும். வண்டி நின்றதும் அது மறுபடி நிரம்பிவிடும். சும்மா நிற்கும்போதும் சந்தைக்குள் ஊர்ந்து போகும்போதும் செலவு மிகக் குறைவு என்பதால் கோளாறு வெளியே தெரியாது.

ஆகவே சோதனையைச் சாலையிலேயே தொடங்க வேண்டும். திணறல் தொடங்கியதும் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, பெட்ரோல் காக்கை உடனே மூடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். காக்கைத் திறந்தே வைத்துவிட்டால், நீங்கள் ஸ்குரூடிரைவரைத் தேடி எடுப்பதற்குள் கிண்ணம் நிரம்பித் தடயம் அழிந்துவிடும். என்ஜின் சூடு தணிந்ததும் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது. ஏறக்குறைய ஒன்றும் வராவிட்டால் பெட்ரோல் பஞ்சம். நிறைய வந்து, அடியில் தெளிவான குமிழ்கள் தனியே உருண்டால் தண்ணீர். நிறையவும் சுத்தமாகவும் வந்தால் மட்டுமே காயிலைச் சந்தேகியுங்கள்.

என் கிண்ணத்திலிருந்து சில சொட்டுகளும், அடியில் இரண்டு மூன்று நீர்க்குமிழ்களும் வந்தன. இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும், கார்புரேட்டர் பக்கம் உள்ள குழாயைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட பாட்டிலில் விட்டு, டாங்க் மூடியை இறுக மூடி, காக்கைத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள். பெட்ரோல் வருகிறதா என்று கண்ணால் பார்ப்பது போதாது. நிமிடத்துக்கு 20 மில்லியும் பார்வைக்கு 'வருகிறது' போலத்தான் இருக்கும். குறைந்தது 100 மில்லியாவது, அறுபடாத கம்பியாக விழ வேண்டும். முதலிலிருந்தே மெலிந்திருந்தால் காக்கின் வடிகட்டி அடைத்திருக்கிறது. நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றிழுத்து மீண்டும் வேகம் பிடித்தால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. சில வண்டிகளில் என்ஜின் உறிஞ்சினால்தான் காக் திறக்கும். அவற்றில் 'பிரைம்' நிலையில் வைத்துச் சோதியுங்கள்.

என் மூடி 'உஸ்' என்றது. ஆனால் அதற்குப் பிறகும் ஓட்டம் மெலிவாகவே இருந்தது.

காற்றுத்துளையைக் குத்த ஊசி வேண்டாம், துளை சிதைந்துவிடும். மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். பிறகு டாங்கை முழுதும் வடித்துவிட்டுக் காக்கைக் கழற்றுங்கள். உள்ளே நிற்கும் வலையில் செம்பழுப்புச் சேறு அப்பியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷும் கொஞ்சம் பெட்ரோலும் கொண்டு கழுவுங்கள். வலை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பூட்டும்போது பழைய வாஷரை நம்பாதீர்கள். குழாயின் நடுவே காகித வடிகட்டி சேர்க்கச் சொல்வார்கள். தானாக இறங்கும் பெட்ரோலுக்கு அதுவே இன்னொரு தடை ஆகலாம். எனக்கு வலை வடிகட்டிதான் சரி.

தண்ணீர் வந்த வழியையும் அடைக்காவிட்டால் அடுத்த மழையில் மறுபடி இதே கதைதான். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு வடிதுளை உண்டு. அதில் மண் அடைத்தால் மழைநீர் தேங்கும். டாங்க் குளிரும்போது அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நீர் டாங்கைத் துருப்பிடிக்க வைக்கும், துரு வடிகட்டியில் வந்து சேரும். என் வண்டியில் மூன்று கோளாறுக்கும் வேர் இந்தத் துளைதான். சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலும் காரணமாகலாம்; ஊற்றுமுன் பாட்டிலை அசையாமல் வைத்து அடியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ரிசர்வில் போட்டால் மட்டும் ஓடுகிறதே என்று பெகுவிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் அப்படி என்றால், சாதாரண நிலையில் பெட்ரோல் எடுக்கும் உயரமான குழாயின் வலை அடைத்திருக்கிறது. மாறாக, ரிசர்வுக்குப் போனதும் திணறினால் தண்ணீர்தான்: ரிசர்வ் துளை டாங்கின் அடியில் இருக்கிறது, தண்ணீரும் அங்கேதான் தங்கும்.