குளிர்ந்த பூனைக்குட்டிக்கு முதல்ல பால் கொடுக்காதீங்க

மாரி மழைக்குள்ள எங்கட கல்லடி வீட்டு விறாந்தையில பூனை நாலு குட்டி போட்டுது. மூன்று தாயோட ஒட்டிக் குடிக்க, ஒன்று மட்டும் மூலையில துவண்டு கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது.

குட்டிகள் சூடாக, சத்தமில்லாமல் நித்திரை கொண்டால், தாய் ஒன்றிரண்டு மணித்தியாலம் வெளியே போனாலும் கை வைக்க வேண்டாம். நக்கி மூத்திரம் போக வைக்கிறது வரைக்கும் அதுவே பார்க்கும். இப்படிக் குளிர்ந்து துவண்டால்தான் நாம இறங்க வேணும்.

உடனே பால் ஊட்டினால் குளிர்ந்த வயிற்றில செரிக்காது. வெந்நீர்ப் போத்தலைத் துவாயில சுற்றிப் பக்கத்தில வைத்து, மெதுவாகச் சூடேற்றுங்க. குட்டி தலையை ஆட்டி முலை தேடத் தொடங்கினதும் தாயிடம் விடுங்க. எங்கட குட்டிக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. பிறகும் குடிக்காவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்க. பசுப்பால் மட்டும் வேண்டாம், வயிற்றால போகும்.