காலாண்டு அறிக்கையிலுள்ள ஓ.இ.இ. எண்ணை ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்கு விளக்கும் முறை

பினாங்கின் பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ உள்ள ஒரு தொழிற்சாலையில் காலாண்டு ஆய்வுக் கூட்டம் முடிந்தபின் மேற்பார்வையாளர்களின் கைக்கு வரும் தாளில் செயல்திறனை அளக்கும் எண்களான கே.பி.ஐ.கள் பல இருக்கும். அவற்றுள் அதிகக் குழப்பம் தருவது ஓ.இ.இ., அதாவது இயந்திரத்தின் ஒட்டுமொத்தப் பயன்திறன். "ஷிப்ட் முழுக்க மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு அண்ணே, எப்படி 73 விழுக்காடு வரும்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. அதை நிமிடங்களாக மாற்றிக் காட்ட வேண்டும்.

படி 1: ஒரு மெஷின், ஒரு ஷிப்ட்

காலாண்டு முழுவதையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளாமல், அவர்களுக்குப் பழக்கமான ஒரே ஷிப்டில் தொடங்குங்கள். உதாரணமாக, உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு என்னும் அச்சில் செலுத்திப் பொருள் செய்யும் ஓர் இன்ஜெக்சன் மோல்டிங் மெஷினின் 12 மணி நேர ஷிப்டில், அதாவது 720 நிமிடங்களில், ஓய்வுக்கென ஒதுக்கிய 60 நிமிடங்கள் போக 660 நிமிடங்கள் எஞ்சுகின்றன. இதுவே திட்டமிட்ட உற்பத்தி நேரம். இனி வரும் கணக்கெல்லாம் இதிலிருந்தே தொடங்கும்.

படி 2: இழப்பை மூன்றாகப் பிரித்தல்

முதலாவது மெஷின் நின்ற நேரம். அந்த ஷிப்டில் மோல்டு மாற்ற 45 நிமிடங்களும், ஹீட்டர் பழுதால் 54 நிமிடங்களும் மெஷின் நின்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 99 நிமிடங்கள் போனதால், மெஷின் ஓடியது 561 நிமிடங்கள்தான். 660-இல் இது 85 விழுக்காடு. மோல்டு மாற்றும் நேரத்தைச் சில தொழிற்சாலைகள் இழப்பில் சேர்ப்பதில்லை என்பதால், உங்கள் அறிக்கையில் அது எப்படிக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வேகம். ஒரு பொருளுக்கு 30 வினாடி என்பது அந்த மோல்டின் சரியான சுழற்சி நேரமானால், 561 நிமிடங்களில் 1,122 பொருள்கள் வந்திருக்க வேண்டும். வந்ததோ 1,010. குறைந்த 112 பொருள்கள் 56 நிமிடங்களுக்குச் சமம்; வேகம் 90 விழுக்காடு. மேற்பார்வையாளர்கள் நம்ப மறுக்கும் இடம் இதுதான், ஏனெனில் இந்த 56 நிமிடங்களை லாக் தாளில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பொருள் மோல்டில் ஒட்டிக்கொள்ளும்போது கதவைத் திறந்து எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுவது, சுழற்சி நேரம் 30-இலிருந்து 32 வினாடிக்கு நழுவுவது ஆகியவை தனித்தனியே கண்ணில் படாமல் இங்கே வந்து சேர்கின்றன. மெஷின் திரையில் தெரியும் சுழற்சி நேரத்தை அவர்களையே படிக்கச் சொல்லித் தரநிலையோடு ஒப்பிட வைத்தால் ஐயம் தீரும்.

மூன்றாவது தரம். 1,010-இல் 50 ரிஜெக்ட் போக நல்லவை 960, அதாவது 95 விழுக்காடு. அந்த 50 பொருள்களுக்குச் செலவான 25 நிமிடங்களும் இழப்பே.

படி 3: கூட்டிச் சரிபார்த்தல்

99, 56, 25 ஆகிய மூன்றையும் கூட்டினால் 180 நிமிடங்கள். 660-இலிருந்து அதைக் கழித்தால் 480 நிமிடங்கள் மட்டுமே நல்ல பொருளாக மாறியிருக்கின்றன. 480-ஐ 660-ஆல் வகுத்தால் 72.7 விழுக்காடு, அறிக்கையில் 73 என்று இருப்பது இதுவே. 85, 90, 95 விழுக்காடுகளைப் பெருக்கினாலும் இதே விடைதான் வரும்.

இந்த முறையை வகுத்த ஜப்பானியர் செய்இச்சி நகஜிமா முன்வைத்த 85 விழுக்காட்டு இலக்கும் இவ்வாறு 90, 95, 99 விழுக்காடுகளைப் பெருக்கிப் பெற்றதே. ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக இருந்தும் பெருக்கும்போது இறங்கிவிடும் என்பதைக் காட்ட இது நல்ல சான்று.

படி 4: ஷிப்டிலிருந்து காலாண்டுக்கு

மாத விழுக்காடுகளைக் கூட்டி மூன்றால் வகுப்பது தவறு. ஒரு மெஷினுக்கு ஜனவரியில் 600 மணி நேரம் திட்டமிட்டு 480 மணி நேரப் பயனும், சீனப் புத்தாண்டு விடுமுறையால் பிப்ரவரியில் 200 மணி நேரம் மட்டுமே திட்டமிட்டு 100 மணி நேரப் பயனும், மார்ச்சில் 600-க்கு 450-உம் கிடைத்ததாகக் கொள்வோம். விழுக்காடுகள் முறையே 80, 50, 75. அவற்றின் சராசரி 68.3. மணிகளைக் கூட்டினாலோ 1,400-க்கு 1,030, அதாவது 73.6. குறைவாக ஓடிய பிப்ரவரிக்கு மற்ற மாதங்களின் அளவுக்கே எடை கொடுத்ததால் வந்த வேறுபாடு இது. சராசரியை மட்டும் பார்த்து ஷிப்ட்காரர்களைக் கடிந்துகொள்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

படி 5: எண்ணைச் சந்தேகிக்க வேண்டிய இடம்

வேகம் 100 விழுக்காட்டைத் தாண்டினால் பாராட்டுவதற்கு முன், கணினியில் உள்ள சுழற்சி நேரத்தைச் சரிபாருங்கள். உண்மையில் 27 வினாடியில் ஓடும் மோல்டுக்கு 30 என்று பதிவாகியிருக்கக்கூடும். லாக் தாளில் நிறுத்தங்கள் எல்லாமே 10, 15, 30 என்று முழு எண்களாக இருந்தால், ஷிப்ட் முடியும்போது நினைவிலிருந்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட தாளை வைத்து எந்த இழப்பை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்காமல், ஒரு வாரத்துக்காவது மெஷின் நின்றவுடனே நேரத்தைக் குறிக்கச் செய்து, அந்தத் தாள்களைக் கொண்டு கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.