மலைச்சாலை நெடுகிலும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம்: சாய்வு, பாறை, மழை அடுக்குகளுக்கு எடையிடும் செய்முறை

ஒரு மலைச்சாலையின் எந்தெந்தப் பகுதிகளில் நிலச்சரிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்பதை, சாய்வு, பாறை, மழை ஆகிய மூன்று அடுக்குகளைக் கொண்டு வரைபடமாக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். கியூஜிஐஎஸ் மென்பொருளைத் திறந்து ஒரு ராஸ்டரைச் சேர்க்கத் தெரிந்தால் போதுமானது. இந்த வரைபடம் எங்கே என்பதை மட்டுமே சொல்லும். எப்போது என்பதைச் சொல்லாது. குழப்பத்தைத் தவிர்க்க, மலைப்பக்கத்தின் செங்குத்துத் தன்மையைச் சாய்வு என்றும், மண்ணோ பாறையோ பெயர்ந்து இறங்குவதை நிலச்சரிவு என்றும் கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.

முதற்படி: சாய்வு அடுக்கு

எஸ்ஆர்டிஎம் அல்லது கோப்பர்நிக்கஸ் உயரத் தரவை இலவசமாகப் பதிவிறக்கலாம். இரண்டிலும் ஒரு பிக்சல் ஏறத்தாழ 30 மீட்டர். பதிவிறக்கும் கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும். உயரமோ மீட்டரில் இருக்கும். அப்படியே சாய்வைக் கணக்கிட்டால், மென்பொருள் பாகையையும் மீட்டரையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, மலை முழுவதையும் 89 பாகைச் சுவராகக் காட்டிவிடக்கூடும். நான் முதலில் செய்த வரைபடம் அப்படித்தான் ஒரே சிவப்பாக வந்தது. ஆகவே முதலில் தரவை மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயத்துக்கு மாற்றி, அதன் பிறகே சாய்வைக் கணக்கிட வேண்டும். கட்டளை வரியில் இவற்றை இடுங்கள்.

```
gdalwarp -t_srs EPSG:32644 -tr 30 30 -r bilinear dem.tif dem_utm.tif
gdaldem slope dem_utm.tif slope.tif
```

இங்குள்ள 32644 என்பது வட அரைக்கோளத்தில் 78 முதல் 84 பாகை வரையிலான கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. உங்கள் சாலை வேறு மண்டலத்தில் இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். தென் அரைக்கோளமாயின் 327 என்று தொடங்கும்.

அடுத்து, சாய்வுப் பாகைகளை 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்களாக `Reclassify by table` கருவியால் மாற்றுங்கள். சாய்வு கூடக்கூட மதிப்பெண்ணும் கூட வேண்டும் என்று தோன்றும். ஆனால் மண்ணும் சிதைந்த பாறையும் பெயரும் நிலச்சரிவுகளுக்கு அது சரியன்று. 45 பாகைக்கு மேற்பட்ட மலைமுகத்தில் மண் தங்கி நிற்பது அரிது. அங்கே பெரும்பாலும் வெறும் பாறையே இருக்கும். ஆகவே நான் 15 பாகைக்குக் கீழ் 1, 15–25க்கு 3, 25–35க்கு 5, 35–45க்கு 4, அதற்கு மேல் 3 என்று கொடுப்பேன். செங்குத்துப் பாறைகளிலிருந்து கற்கள் உருண்டு விழுவது வேறு வகை. அதற்குத் தனி வரைபடம் வேண்டும், இதனுள் கலக்கக் கூடாது.

இரண்டாம் படி: பாறை அடுக்கு

நிலவியல் வரைபடத்தின் பலகோணங்களுக்கு `score` என்ற புலத்தைச் சேர்த்து மதிப்பெண் இடுங்கள். பழைய நிலச்சரிவுக் குவியலுக்கும் மலையடிவாரத்தில் சேர்ந்த கற்குவியலுக்கும் 5, தகடு தகடாகப் பிரியும் சிஸ்ட், ஷேல் போன்ற பாறைகளுக்கு 4, உறுதியான குவார்ட்சைட்டுக்கு 1 என்று அமைக்கலாம். பெயரை மட்டும் பார்த்து மதிப்பிடுவது ஆபத்து. புதிய கிரானைட் உறுதியானது. ஆனால் ஈரமும் வெப்பமும் மிக்க இடங்களில் அதே கிரானைட் பல மீட்டர் ஆழம் வரை மக்கிக் கையால் பொடிக்கும் மண்ணாகிவிடும். அத்தகைய இடத்துக்கு 1 கொடுத்தால் வரைபடம் தலைகீழாகும். எனவே பாறையின் பெயரோடு அது எந்த அளவு சிதைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பெண் இட வேண்டும். பின்னர் பலகோணங்களை, சாய்வு ராஸ்டரின் அதே எல்லையோடும் அதே 30 மீட்டர் கட்டத்தோடும் ராஸ்டராக்குங்கள்.

மூன்றாம் படி: மழை அடுக்கு

தொடக்கநிலையாளர்கள் தம்மையறியாமல் ஏமாறுவது இந்த அடுக்கில்தான். ஆகவே சற்று நிதானிப்போம். பலரும் பயன்படுத்தும் சிர்ப்ஸ் மழைத் தரவின் ஒரு கட்டம் 0.05 பாகை, அதாவது ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர். 24 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மலைச்சாலை வளைந்து வளைந்து செல்வதால், அது இத்தகைய நான்கைந்து கட்டங்களுக்குள் அடங்கிவிடும். இதை `bilinear` முறையில் 30 மீட்டருக்கு மாற்றும்போது மென்பொருள் இடைமதிப்புகளை நிரப்பி வழவழப்பான படமாகக் காட்டும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த நுணுக்கம் முழுவதும் கணக்கீட்டின் விளைவே, அளந்து பெற்றதன்று.

இதைவிட மறைவான தவறு, வகுப்புகளாகப் பிரிப்பதில் நேர்கிறது. சாலை நெடுகிலும் மூன்று நாள் உச்ச மழை 180 முதல் 215 மில்லிமீட்டர் வரை மட்டுமே மாறுகிறது என்று கொள்வோம். `Equal Interval` முறையில் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கச் சொன்னால், 35 மில்லிமீட்டர் வேறுபாட்டை மென்பொருள் 1 முதல் 5 வரை இழுத்து நீட்டிவிடும். குறைந்த மழை பெறும் இடம் பாலைவனம் போலவும், மிகுந்த மழை பெறும் இடம் வெள்ளக்காடு போலவும் கணக்கில் ஏறும். அதனால் வகுப்பு எல்லைகளை நீங்களே மில்லிமீட்டரில் நிலையாக வையுங்கள்: 100க்குக் கீழ் 1, 100–150க்கு 2, 150–200க்கு 3, 200–250க்கு 4, அதற்கு மேல் 5 என்பது போல. இவை என் தேர்வே. உங்கள் பகுதியின் மழைக்கேற்ப மாற்றலாம், ஆனால் சாலைக்குச் சாலை மாற்றக் கூடாது.

எந்த மழை அளவை எடுப்பது? ஆண்டு மொத்தத்தைக் காட்டிலும், ஒவ்வோர் ஆண்டிலும் அடுத்தடுத்த மூன்று நாட்களில் பெய்த உச்ச மழையைக் கண்டறிந்து, பல ஆண்டுகளுக்குச் சராசரி எடுப்பது பொருத்தமானது. ஆண்டு முழுவதும் தூறலாகப் பெய்யும் மழை வடிந்துவிடும்; சில நாட்களில் கொட்டுவதுதான் மண்ணுக்குள் நீரழுத்தத்தை ஏற்றி அதன் பிடிப்பைக் குறைக்கும்.

நான்காம் படி: எடை

எடைகளை ஊகித்து எழுதாமல், இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பெறுவது நல்லது. 1970களில் தாமஸ் சாட்டி உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை இதுதான். பாறையைவிடச் சாய்வு 3 மடங்கு முக்கியம், மழையைவிடச் சாய்வு 4 மடங்கு, மழையைவிடப் பாறை 2 மடங்கு என்று முடிவு செய்கிறோம் எனக் கொள்வோம்.

```
         சாய்வு  பாறை   மழை
சாய்வு    1       3      4
பாறை     1/3      1      2
மழை      1/4     1/2     1
```

ஒவ்வொரு நெடுவரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்து, பின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் சராசரி எடுத்தால் சாய்வுக்கு 0.62, பாறைக்கு 0.24, மழைக்கு 0.14 கிடைக்கும். ஒப்பீடுகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்பதை முரண்பாட்டு விகிதம் காட்டும்; இங்கே அது சுமார் 0.016. 0.10க்குள் இருந்தால் ஏற்கலாம். இந்த விகிதம் உங்கள் விடைகள் தமக்குள் பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே சொல்கிறது. மலையோடு பொருந்துகின்றனவா என்பதை அது அறியாது.

ஐந்தாம் படி: கூட்டல்

மூன்று ராஸ்டர்களின் எல்லையும் கட்டமும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு, `Raster Calculator` கருவியில் இதை இடுங்கள். இங்கே `slope_s`, `geo_s`, `rain_s` என்பவை முறையே சாய்வு, பாறை, மழை மதிப்பெண் ராஸ்டர்கள்.

```
0.62 * "slope_s@1" + 0.24 * "geo_s@1" + 0.14 * "rain_s@1"
```

இரண்டு பிக்சல்களைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம். முதலாவதில் சாய்வு 31 பாகை (5), சிதைந்த சிஸ்ட் (4), மழை 190 மில்லிமீட்டர் (3). விடை 3.10 + 0.96 + 0.42 = 4.48. இரண்டாவதில் சாய்வு 12 பாகை (1), பழைய நிலச்சரிவுக் குவியல் (5), மழை அதே 3. விடை 0.62 + 1.20 + 0.42 = 2.24. இரண்டாவது பிக்சலுக்குக் குறைந்த மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் ஒருமுறை சரிந்து கிடக்கும் குவியலின் அடிப்பகுதியைச் சாலைக்காக வெட்டினால் அது மீண்டும் நகரக்கூடும். கூட்டல் முறையின் இயல்பான குறை இது: ஓர் அடுக்கின் குறைந்த மதிப்பெண் மற்றோர் அடுக்கின் எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது. எடைகளை மாற்றி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். பழைய குவியல்களைத் தனி அடுக்காக வரைந்து, இறுதி வரைபடத்தின் மேல் கோடிட்டுக் காட்டுங்கள்.

மழைக்கு 0.14 எடை கொடுத்தோம். ஆனால் சாலை நெடுகிலும் மழை மதிப்பெண் 3, 4 என்று மட்டுமே மாறினால், அது உண்டாக்கும் அதிகபட்ச வேறுபாடு 0.14 மட்டுமே. சாய்வு 1 முதல் 5 வரை மாறுவதால் அது 2.48 வரை வேறுபாடு உண்டாக்குகிறது. எடை எவ்வளவு என்பதோடு, அடுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதும் சேர்ந்தே செல்வாக்கைத் தீர்மானிக்கிறது. மழை இல்லாமல் ஒருமுறையும் மழையோடு ஒருமுறையும் வரைபடத்தை உருவாக்கி ஒப்பிடுங்கள். சாலை காற்றுமுகப் பக்கத்திலிருந்து மழைமறைவுப் பக்கத்துக்குக் கடந்து செல்வதாயின் வேறுபாடு தெரியும். இல்லையெனில் மழை அடுக்கு வரிசைப்படுத்தலில் ஏறக்குறைய எதையும் செய்யவில்லை என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

ஆறாம் படி: சாலைத் துண்டுகள்

பிக்சல் வரைபடம் சாலைப் பொறியாளருக்குப் பயன்படாது. அவருக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டும். `Split lines by maximum length` கருவியால் சாலையை 200 மீட்டர் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் சுற்றித் தட்டையான முனையோடு 150 மீட்டர் தாங்கல் வளையம் இடுங்கள். அதற்குள் சராசரி எடுத்தால் ஒரு சிறிய அபாயகரமான முகம் சுற்றியுள்ள தட்டையான நிலத்தில் கரைந்துவிடும். அதற்குப் பதிலாக, மதிப்பு 4க்கு மேற்பட்ட பிக்சல்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று ஒரு ராஸ்டரை உருவாக்கி, `Zonal statistics` கருவியால் அதன் சராசரியை எடுங்கள். அந்த எண்ணே ஒவ்வொரு துண்டிலும் அபாயப் பரப்பின் பங்கு.

ஏழாம் படி: சோதனை

முன்பு நிகழ்ந்த நிலச்சரிவுகளின் பட்டியலை மேலே இட்டுப் பாருங்கள். பட்டியலில் புள்ளிகள் பெரும்பாலும் மண் வந்து சேர்ந்த சாலை மட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே சாய்வு 5 பாகைதான் இருக்கும். அதை வைத்துச் சோதித்தால் சரியான வரைபடமும் தவறாகத் தோன்றும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் நிலச்சரிவு தொடங்கிய மேல்விளிம்புக்கு நகர்த்துங்கள். நமது 24 கிலோமீட்டர் எடுத்துக்காட்டில் 120 துண்டுகள் உள்ளன. அவற்றுள் அபாயப் பரப்பின் பங்கு மிகுந்த உயர் வகுப்பில் 24 துண்டுகள், அதாவது 20 விழுக்காடு, இருந்து, 30 பழைய நிலச்சரிவுகளில் 18, அதாவது 60 விழுக்காடு, அவற்றுக்குள் விழுந்தால், 60ஐ 20ஆல் வகுக்க 3 வரும். எங்கும் சீராக நிகழ்ந்திருந்தால் 1 வந்திருக்கும். ஆகவே வரைபடம் எதையோ பிடித்திருக்கிறது. இந்த விடையைப் பார்த்து எடைகளைத் திருத்த விரும்பினால், நிலச்சரிவுகளில் பாதியை முன்கூட்டியே தனியே வைத்துக்கொண்டு, திருத்தியதை அந்தப் பாதியில் மட்டும் சோதியுங்கள்.

எஞ்சிய 12 நிலச்சரிவுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றில் பல, சாலைக்காக வெட்டப்பட்ட முகங்களில் நிகழ்ந்தவையாக இருக்கலாம். 8 மீட்டர் உயரமும் 75 பாகைச் சாய்வும் உள்ள ஒரு வெட்டுமுகம் கிடையாக வெறும் 2 மீட்டர் அகலமே கொண்டது. 30 மீட்டர் பிக்சல்களை மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் சாய்வில் அது தெரிய வழியே இல்லை. எனவே ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டின் உயரம், தாங்குசுவர் உண்டா, மேலிருந்து நீர் வடியும் கால்வாய் அடைபட்டிருக்கிறதா ஆகிய மூன்றையும் நேரில் சென்று பதிந்து, துண்டுகளின் அட்டவணையில் தனிப் புலங்களாகச் சேர்த்து வையுங்கள்.