சாவி எந்த நாளில், வீடு எத்தனை சதுர அடி: தொடர்மாடி ஒப்பந்தத்தில் வாசிக்காமல் விடுகிற மூன்று இடங்கள்

யாழ்ப்பாண நகரில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் லிகிதராக இருக்கிறேன். கடந்த வருடங்களில் காணி உறுதிகளுக்கு நடுவே தொடர்மாடி ஒப்பந்தங்களும் எங்கள் மேசைக்கு வரத் தொடங்கின. பெரும்பாலும் கையொப்பமிட்ட பிறகுதான் கொண்டுவருகிறார்கள். கொண்டாவிலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற மாஸ்டரும் அப்படித்தான். காணியை விற்ற காசும் கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய காசும் சேர்த்து, நகருக்குள் கட்டப்படும் தொடர்மாடியில் 1,150 சதுர அடி வீடொன்றை சதுர அடி 20,000 ரூபாய்ப்படி வாங்கியிருந்தார். மொத்தம் 2 கோடி 30 இலட்சம்.

"தம்பி, 2021 மார்ச்சிலை கையெழுத்து வைச்சனாங்கள். இருபத்திநாலு மாதம் எண்டு வடிவாக் கிடக்கு. சாவி தந்தது 2024 டிசம்பரிலை. இருபத்தொரு மாதத்துக்கு நட்டஈடு வராதோ?"

வாசித்துப் பார்த்தேன். இருபத்திநாலு மாதம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வசனம் "கட்டட அனுமதி கிடைக்கும் திகதியிலிருந்து" என்று தொடங்கியது. அனுமதி வந்தது 2021 ஒக்டோபரில். ஆகவே கணக்கு 2023 ஒக்டோபரில்தான் முடிகிறது. அடுத்த பந்தியில் ஆறு மாதச் சலுகைக் காலம், 2024 ஏப்ரலாகிவிட்டது. அதற்குப் பிறகு, கட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல். வெள்ளம், போர் போன்றவற்றோடு "பொருள் தட்டுப்பாடு, எரிபொருள் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை" என்றும் சேர்த்திருந்தார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எவரும் அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. அதைக் காட்டி அவர்கள் ஐந்து மாதம் கழித்தார்கள். மாஸ்டர் எண்ணிய இருபத்தொரு மாதம் தாளில் மூன்று மாதமாகச் சுருங்கியது.

இங்கே நடந்த தவறு மாத எண்ணிக்கையை மட்டும் வாசித்தது. எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அனுமதி நாள், அத்திவாரம் போட்ட நாள், கடைசித் தவணை கட்டிய நாள் என்று தொடங்கும் எந்தக் கணக்கும் உங்கள் கையில் இல்லாத ஒரு கடிகாரம். நாள், மாதம், வருடத்தோடு ஒரு திகதி எழுதக் கேளுங்கள். சலுகை மாதங்கள் அதில் அடங்குமா, அதற்கு மேலா என்பதையும் அதே வசனத்தில் எழுதவேண்டும். தட்டுப்பாடு என்ற சொல்லை முழுதாக எடுக்க அவர்கள் சம்மதிக்கமாட்டார்கள். ஆனால் தடை தொடங்கிப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தால்தான் அந்த நாட்கள் கழியும் என்றும், எப்படிப் பார்த்தாலும் மொத்தம் இத்தனை மாதத்துக்கு மேல் போகாது என்றும் சேர்க்கக் கேட்டால், சில கட்டுநர்கள் ஏற்கிறார்கள்.

"கையளிப்பு" என்பதற்கும் அர்த்தம் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாஸ்டருக்குக் கிடைத்தது சாவி மட்டும். அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்று உறுதிப்படுத்தும் இணக்கச் சான்றிதழ் கட்டடத்துக்கு அப்போது வரவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் கட்டடத்தை வீடு வீடாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதன வரைபடம் பதியப்படாமல் ஒரு வீட்டுக்கென்று தனி உறுதி எழுத வழியில்லை. சாவி தந்த நாளே கையளிப்பு என்று ஒப்பந்தம் சொன்னால், அன்றே தாமதக் கணக்கு நின்றுவிடும். உறுதிக்காக நீங்கள் காத்திருக்கும் காலம் எந்தக் கணக்கிலும் வராது.

இனி அளவு. "கார்பெட் ஏரியா எவ்வளவு எண்டு கேட்டனீங்களோ, மாஸ்டர்?" என்றேன். சென்னை வீடியோக்களில் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தார். சட்டமே பாதுகாக்கும் என்று நம்பியிருந்தார். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவை வரையறுக்கிறது: வெளிச்சுவர்கள், குழாய்ப் பாதைகள், அந்த வீட்டுக்கே உரிய பல்கனி, திறந்த மாடி ஆகியன நீங்கலாக, உள் தடுப்புச் சுவர்கள் உட்பட, வீட்டுக்குள் உண்மையில் பாவிக்கக்கூடிய தரைப்பரப்பு. அந்தச் சட்டம் பாக்கு நீரிணையைத் தாண்டி வராது. இங்கே கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் எந்த வரைவிலக்கணம் எழுதப்பட்டிருக்கிறதோ, அதை வைத்துத்தான் நீங்கள் பேச முடியும்.

மாஸ்டரின் ஒப்பந்தத்தில் 1,150 என்பது "பொதுப்பகுதிப் பங்கு உட்பட" என்று சின்ன எழுத்தில் இருந்தது. நடைபாதை, படிக்கட்டு, லிப்ட் என்று 230 சதுர அடி அதில் போகிறது. மிச்சம் 920. வெளிச்சுவரும் குழாய்ப் பாதையும் 60, பல்கனி 50 கழித்தால் 810. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடாவோடு போய், பூச்சு முகத்திலிருந்து எதிர்ப் பூச்சு முகம் வரை அறை அறையாக அளந்து கூட்டினோம், 770 வந்தது. உள் சுவர்களின் கனம் நாற்பது சதுர அடி, அதைச் சேர்த்தால் 810 சரி. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த 810ஐ வைத்துப் பார்த்தால் அவர் கொடுத்த விலை சதுர அடிக்கு 20,000 அல்ல, ஏறத்தாழ 28,400. வேறொரு கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இந்த எண்ணைத்தான் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான வசனம் ஒன்று கீழே இருந்தது: பரப்பளவு ஐந்து வீதம் வரை குறைந்தால் விலை மாறாது, கூடினால் வாங்குபவர் அதே விலைப்படி கட்டவேண்டும். 1,150இல் ஐந்து வீதம் 57.5 சதுர அடி, அதாவது 11 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு இது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி எழுதச் சொல்லலாம். அளவு எந்த வரைவிலக்கணப்படி எடுக்கப்படும் என்பதையும், அறை அளவுகள் போட்ட மாடிப் படத்தையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லலாம்.

கடைசியாகத் தாமதக் கொடுப்பனவு. மாதத்துக்குச் சதுர அடி ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று போட்டிருந்தது. கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கும். 1,150க்கு மாதம் 11,500. மூன்று மாதத்துக்கு 34,500. அந்த நேரம் மாஸ்டர் விலையில் தொண்ணூறு வீதம், 2 கோடி 7 இலட்சம், கட்டி முடித்திருந்தார். அந்தக் காசுக்கு வருடம் பத்து வீதம் வட்டி என்று வைத்தாலே மாதம் 1,72,500.

பக்கத்தைப் புரட்டினால் அவர் தாமதித்தால் என்ன என்று இருந்தது: நிலுவைத் தவணைக்கு மாதம் இரண்டு வீதம். மகன் அனுப்பிய 23 இலட்சம் ஒருமுறை ஒரு மாதம் பிந்தியது, 46,000 அறவிட்டார்கள். அவர்களின் மூன்று மாதத் தாமதத்தின் விலை, இவரின் ஒரு மாதத் தாமதத்தை விடக் குறைவு. கையொப்பத்துக்கு முன் இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். கேட்க வேண்டியது ஒன்றே: இரு தரப்புக்கும் ஒரே வீதம், கட்டிய தொகையின் மீது. அந்த இந்தியச் சட்டம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சமமான வட்டி வீதத்தையே சொல்கிறது என்பது பேரம் பேச உதவும். இங்கே உரிமையாகக் கேட்க உதவாது.

"நான் பிந்திக் கட்டினபடியால் அந்த முப்பத்திநாலாயிரமும் இல்லையாம்" என்றார் மாஸ்டர். அந்த வசனமும் இருந்தது: தவணைகளில் ஒன்றேனும் பிந்தியவருக்குக் கொடுப்பனவு கிடையாது.

சாவியோடு ஒரு கடிதமும் நீட்டியிருந்தார்கள். "திருப்தியுடன் பொறுப்பேற்றேன், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை." நல்லவேளை, மாஸ்டர் மூக்குக்கண்ணாடி இல்லையென்று சொல்லி அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எங்கள் சட்டத்தரணி இரண்டாவது பாதியைக் கோடிட்டு வெட்டி, "தாமதமும் பரப்பளவும் தொடர்பான என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் சாவியை மட்டும் பெறுகிறேன்" என்று எழுதி, பிரதியெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதிவுத்துண்டு இப்போதும் எங்கள் கோப்பில் இருக்கிறது.