நகைக்கடன்: எடையும் ஏலமும்

நகையை அடகு வைக்கும்போது செய்கூலி, சேதாரம், கல்லின் விலை எதுவும் கணக்கில் வராது. 40 கிராம் ஆரத்தில் கல்லும் அரக்கும் 4 கிராம் என்றால் நிகர எடை 36 கிராம்தான். அது 22 காரட் என்றால் சுத்தத் தங்கம் 33 கிராம். அதன் மதிப்பில் 75 சதவீதம் கடன் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த முழுத் தொகையையும் வாங்குவதில்தான் ஆபத்து. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியை ஒரு வருடம் கட்டாமல் விட்டால், 75 ரூபாய்க் கடன் 84 ஆகிவிடும். அதே சமயம் தங்கம் 10 சதவீதம் இறங்கினால், 100 ரூபாய் நகை 90 ஆகிவிடும். இடைவெளி வெறும் 6 ரூபாய். அப்புறம் நோட்டீஸ் வரும், பிறகு ஏலம். அதனால் முடிந்தவரை குறைவாக வாங்குங்கள், வட்டியையாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

ஏலம் போய்விட்டாலும் விட்டுவிடாதீர்கள். அசல், வட்டி, ஏலச் செலவு போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம். ஏலக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். குறைந்தால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அடகுச் சீட்டில் நிகர எடையும் காரட்டும் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.